சுயேச்சையான இரட்டைச் சரிபார்ப்பு: இறுதியாண்டு செவிலிய மாணவர்களுக்கான மூன்று மணி நேரப் பயிலரங்கு

மருந்து வழங்கலின் ஐந்து சரிகளைச் சொல்லச் சொன்னால் இறுதியாண்டு மாணவர் யாரும் தடுமாறுவதில்லை. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். சரியான காரணம், சரியான பதிவு, சரியான விளைவு ஆகியவற்றையும் பலர் சேர்த்துக்கொள்வார்கள். "அளவு சரி என்பதை எந்தச் செயலால் உறுதிசெய்தீர்கள்?" என்று கேட்டால்தான் அமைதி விழும். ஐந்து சரிகள் நாம் எட்ட வேண்டிய முடிவைக் கூறுகின்றன. அந்த முடிவை எட்டுவதற்குக் கண்ணும் கையும் என்ன செய்ய வேண்டும் என்பதை அவை கூறுவதில்லை. இந்தப் பயிலரங்கு அந்த இடைவெளிக்காகத் திட்டமிடப்பட்டது. அதிலும், இரண்டாவது நபர் சரிபார்க்கும்போது "சுயேச்சையாக" என்ற நிபந்தனை எங்கே உடைகிறது என்பதற்கே பெரும்பகுதி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பல மருந்துகளைத் தொட்டுச் செல்லும் ஆசையை அடக்கிக்கொண்டு, சிரைவழி ஹெபாரின் இன்ஃப்யூஷன் என்ற ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அளவு மிகுந்தால் இரத்தப்போக்கு, குறைந்தால் இரத்தக்கட்டி வளரும் ஆபத்து. எனவே உயர் எச்சரிக்கை மருந்துகளின் பட்டியலில் இது வழக்கமாக இடம்பெறும். உடல் எடைக் கணக்கு, பையின் செறிவு, பம்ப் அமைப்பு, முந்தைய மருந்துகளின் வரலாறு என்று தவறு நுழையக்கூடிய வாசல்கள் எல்லாம் இந்த ஒரு மருந்திலேயே இருக்கின்றன.

முன்னேற்பாடு

பதினெட்டு மாணவர்கள், இரண்டு பயிற்றுநர்கள் என்பது வசதியான அளவு. மாணவர்களை மூவர் மூவராகப் பிரித்தால் ஆறு குழுக்கள் கிடைக்கும். குழுவுக்கு ஒரு படுக்கை, கைப்பட்டை கட்டிய ஒரு பயிற்சிப் பொம்மை, ஒரு இன்ஃப்யூஷன் பம்ப், ஒரு கணிப்பான் தேவை. பம்ப் போதாவிட்டால் இரண்டு குழுக்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் பம்ப்பின் படத்தைக் காகிதத்தில் காட்டிச் சமாளிக்க வேண்டாம். எண்ணைத் திரையில் உள்ளிடும் விரல்தான் தவறு செய்கிறது. காகிதத்தில் அந்தத் தவறு பிறக்காது.

ஒவ்வொரு குழுவுக்கும் மருத்துவரின் உத்தரவு, மருந்து வழங்கல் பதிவேடு, எடை குறித்த சேர்க்கைத் தாள், ஆய்வக முடிவுகள், லேபிள் ஒட்டிய பை ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். உண்மையான ஹெபாரின் வேண்டாம், வெறும் உப்புநீர்ப் பை போதும். எல்லாப் பைகளிலும் லேபிள்களிலும் "பயிற்சிக்கு மட்டும்" என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அவற்றை எண்ணி, லேபிள்களைக் கிழித்துவிட்டுத்தான் அறையைப் பூட்ட வேண்டும். பயிற்சிப் பை வார்டின் அலமாரிக்குப் போய்விட்டால் பாதுகாப்பைக் கற்பிக்க வந்த நாமே ஆபத்தை உருவாக்கியவர்களாகிவிடுவோம்.

முதல் படி: ஒவ்வொரு சரியையும் ஒரு செயலாக்குதல் (25 நிமிடங்கள்)

பலகையில் சரிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வினைச்சொல்லை மாணவர்களே நிரப்ப வேண்டும். "கவனமாக இருப்பேன்", "உறுதிசெய்வேன்" போன்றவற்றை ஏற்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் பார்த்து, "ஆம், செய்தார்" என்று சொல்லக்கூடிய செயலாக அது இருக்க வேண்டும்.

நோயாளியைப் பொறுத்தவரை அந்தச் செயல், பதிலைத் தராத கேள்வியைக் கேட்பது. "நீங்கள் செல்விதானே?" என்றால் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் காது மந்தமானவரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்கள் முழுப் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, பதிலைக் கைப்பட்டையோடும் பதிவேட்டோடும் ஒப்பிட வேண்டும். பேச இயலாத நோயாளியானால் கைப்பட்டையில் உள்ள பெயரையும் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் படிக்க வேண்டும். படுக்கை எண் அடையாளம் ஆகாது, ஏனென்றால் நோயாளிகள் படுக்கை மாறுகிறார்கள்.

மருந்துக்கு, லேபிளை மூன்று முறை படிப்பது: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, தயாரிக்கும்போது, நோயாளியின் அருகே தொடங்குவதற்கு முன். இங்கே 2006இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நடந்ததைச் சொல்லுங்கள். மில்லிலிட்டருக்கு 10 யூனிட் ஹெபாரின் குப்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பிகள் வைக்கப்பட்டிருந்தன. அவை குறைமாதக் குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டன. மூன்று குழந்தைகள் இறந்தன. குப்பிகளை எடுத்தவர் ஒருவர் அல்லர், பலர். வழக்கமான இடத்தில் வழக்கமான மருந்துதான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு, கண் முன்னால் இருந்த எண்ணை மறைத்துவிட்டது. இதைக் கேட்ட பிறகு, லேபிளை மனதுக்குள் படிப்பதற்கும் மருந்தின் பெயரையும் செறிவையும் விரலால் தொட்டு வாய்விட்டுப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களிடம் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

வழிக்கான செயல், குழாயைப் பையிலிருந்து பம்ப் வரைக்கும், பம்ப்பிலிருந்து நோயாளியின் உடலில் நுழையும் இடம் வரைக்கும் கையால் தடவிக்கொண்டே செல்வது. நேரத்துக்கான செயலில்தான் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். இன்ஃப்யூஷன் எப்போது தொடங்க வேண்டும் என்று மட்டும் பார்க்கிறார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது என்று பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டுவதில்லை. அளவுக்கு எதிரே எதையும் எழுதாமல் விட்டுவிடுங்கள். அடுத்த படி முழுவதும் அதைப் பற்றியதுதான்.

இரண்டாம் படி: பொறி (30 நிமிடங்கள்)

இந்தப் படியில் மாணவர்களுக்கு எதையும் விளக்காமல் தொடங்குங்கள். வகுப்பை ஒன்பது பேர் கொண்ட இரண்டு பாதிகளாகப் பிரித்து, தனித்தனி அறைகளில் அமர்த்துங்கள். நேர்வு இதுதான்: காலின் ஆழ்சிரையில் இரத்தக்கட்டி உள்ள நோயாளி. எடை 60 கிலோ. தொடக்க ஊசி ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது. கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட் வீதம் ஹெபாரின் இன்ஃப்யூஷன் தொடங்க உத்தரவு. பையின் லேபிளில் "250 மில்லிலிட்டரில் 25,000 யூனிட்" என்று இருக்கிறது.

முதல் பாதிக்கு எல்லா ஆவணங்களோடும் பையோடும் முதல் செவிலியர் எழுதியதாக ஒரு கணக்குத் தாளையும் கொடுங்கள். அதில் இப்படி இருக்கட்டும்:

60 × 18 = மணிக்கு 1,080 யூனிட்
25,000 ÷ 500 = மில்லிலிட்டருக்கு 50 யூனிட்
1,080 ÷ 50 = மணிக்கு 21.6 மில்லிலிட்டர்

"இதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் பாதிக்கு அதே ஆவணங்களும் அதே பையும், அத்துடன் ஒரு வெற்றுத் தாள். "பம்ப்பை எந்த வேகத்தில் வைப்பீர்கள்?" என்பது மட்டுமே அவர்களுக்கான கேள்வி. இருவருக்கும் எட்டு நிமிடம். ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும், பேசக் கூடாது.

பிறகு எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து விடையைப் போடுங்கள். பை 250 மில்லிலிட்டர், எனவே 25,000 ÷ 250 என்பது மில்லிலிட்டருக்கு 100 யூனிட். 1,080 ÷ 100 என்றால் மணிக்கு 10.8 மில்லிலிட்டர். 21.6 என்ற வேகத்தில் ஓடவிட்டால் நோயாளிக்கு மணிக்கு 2,160 யூனிட் போகும், அதாவது கிலோவுக்கு 36 யூனிட். உத்தரவைப் போல் இரண்டு மடங்கு.

யார் பிடித்தார், யார் விட்டார் என்று கைதூக்கச் சொல்லாதீர்கள். தாள்களில் பெயர் வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் பலகையில் எழுதுங்கள். முதல் பாதியிலும் சிலர் பிடித்திருப்பார்கள். அவர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்பது மிகவும் பயனுள்ளது. பெரும்பாலும் அவர்கள் கணக்குத் தாளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பையிலிருந்து தொடங்கியவர்களாக இருப்பார்கள்.

கையெழுத்திட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர் என்பதை இங்கே நிறுத்தி விளக்குங்கள். அந்தத் தாளின் மூன்று வரிகளையும் கணிப்பானில் போட்டுப் பாருங்கள்: 60 × 18 சரி, 25,000 ÷ 500 சரி, 1,080 ÷ 50 சரி. கூட்டல் பெருக்கலில் பிழையே இல்லை. பிழை இருப்பது 500 என்ற எண்ணில், அதாவது கணக்குக்குள் நுழைந்த தகவலில். முன்பு பார்த்த 500 மில்லிலிட்டர்ப் பையின் நினைவில் முதல் செவிலியர் அதை எழுதியிருக்கிறார். சரிபார்ப்பவர் அந்தக் கணக்கை எத்தனை முறை திரும்பப் போட்டாலும் அதே 21.6தான் வரும். பிறர் எழுதிய எண்ணைப் பார்த்த பிறகு லேபிளை நோக்கும் கண், அந்த எண்ணுக்கு ஒத்துப்போவதைத்தான் தேடும். இரண்டு கையெழுத்து இருந்தும் ஒரே ஒரு கண்தான் பார்த்திருக்கிறது.

இங்கேயே ஒரு குறுக்குச் சோதனையையும் கற்றுக்கொடுக்கலாம். மணிக்கு 10.8 மில்லிலிட்டர் என்றால் 250 மில்லிலிட்டர்ப் பை ஏறத்தாழ 23 மணி நேரம் வரும். 21.6 என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். "இந்தப் பை எப்போது தீரும்?" என்ற கேள்வி, கணக்கை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கவைக்கிறது.

மூன்றாம் படி: முறை (30 நிமிடங்கள்)

இப்போது முறையைச் சொன்னால் மாணவர்கள் கேட்பார்கள். பொறிக்கு முன்னால் சொல்லியிருந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு மறந்திருப்பார்கள்.

முதல் செவிலியர் தன் கணக்கைத் தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்து வைக்கிறார். பிறகு உதவி கேட்கிறார். கேட்கும் சொற்களிலேயே சுயேச்சை காப்பாற்றப்படுகிறது அல்லது போய்விடுகிறது. "எனக்கு 10.8 வருகிறது, சரிதானே?" என்றால் எல்லாம் முடிந்துவிட்டது. "மூன்றாம் படுக்கை நோயாளிக்கு ஹெபாரின் தொடங்க வேண்டும். சுயேச்சையாகச் சரிபார்க்க வர முடியுமா?" என்பது போதும். விடை இல்லை, குறிப்பும் இல்லை. இந்த வாக்கியத்தை மாணவர்கள் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். உதட்டுக்குப் பழகாத சொல் அவசரத்தில் வராது.

இரண்டாமவர் மூலத்துக்குப் போகிறார். உத்தரவு, எடை, லேபிள், பதிவேடு ஆகியவற்றைத் தானே எடுத்துப் பார்த்து, தானே கணக்கிட்டு, விடையை எழுதுகிறார். எழுதி முடிக்கும்வரை முதலாமவர் பேசுவதில்லை. சற்று விலகி நிற்பது நல்லது. முகக்குறிப்பும் ஒரு விடைதான். பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள்.

விடைகள் வேறுபட்டால் என்ன செய்வது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். இளையவர் தன் எண்ணை அடித்துவிட்டு மூத்தவரின் எண்ணை எழுதிக்கொள்வதே வழக்கமான தவறு. யாரும் தன் விடையை மாற்றக் கூடாது. இருவரும் மறுபடி மூலத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் மருந்தாளுநரையோ உத்தரவிட்ட மருத்துவரையோ கேட்க வேண்டும். அதுவரை மருந்து தொடங்கப்படாது.

ஒப்பீடு முடிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. பம்ப்பில் எண் உள்ளிடப்பட்ட பிறகு, தொடங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன், இரண்டாமவர் திரையைத் தானே படித்துத் தன் தாளோடு ஒப்பிட வேண்டும். நோயாளியின் அடையாளத்தையும் குழாயையும் அவர் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே பெயரை இரண்டு பேர் அடுத்தடுத்துக் கேட்டால் நோயாளி எரிச்சலடையலாம். "உங்கள் பாதுகாப்புக்காக நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கேட்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் ஒத்துழைப்பார்கள்.

இந்த முறையின் எல்லைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லா மருந்துக்கும் இதைக் கட்டாயமாக்கினால் நேரம் போதாமல் கையெழுத்துச் சடங்காகிவிடும். எனவே மருத்துவமனைகள் ஹெபாரின், இன்சுலின் இன்ஃப்யூஷன், புற்றுநோய் மருந்துகள் போன்ற சிலவற்றுக்கே இதை வைத்துக்கொள்கின்றன. இருவரும் பார்க்கும் மூலமே தவறாக இருந்தால், எடுத்துக்காட்டாகச் சேர்க்கைத் தாளில் எடை தவறாகப் பதிவாகியிருந்தால், இரண்டு சரிபார்ப்பும் ஒரே தவறான விடைக்குத்தான் வரும். ஆகவே தாளில் 60 கிலோ என்றும் கட்டிலில் கண்ணுக்குக் கனத்த உடல் என்றும் இருந்தால், மறுபடி எடை பார்க்கச் சொல்ல வேண்டும். பட்டைக்குறி வருடும் கருவி இருந்தால் நோயாளியும் மருந்தும் பொருந்துவதை அது காட்டும். ஆனால் பம்ப்போடு இணைக்கப்படாத கருவிக்குப் பம்ப்பின் வேகம் தெரியாது.

இதற்குப் பிறகு பத்து நிமிட இடைவேளை.

நான்காம் படி: மூன்று சுற்றுகள் (60 நிமிடங்கள்)

மூவரில் ஒருவர் முதல் செவிலியர், ஒருவர் சரிபார்ப்பவர், ஒருவர் நோக்குநர். சுற்றுக்குச் சுற்று பாத்திரம் மாறும். ஒவ்வொரு சுற்றிலும் 12 நிமிடம் செயல், 8 நிமிடம் குழுவுக்குள் பேச்சு. நோக்குநரின் தாளில் நான்கே கேள்விகள்: உதவி கேட்டபோது விடை கசிந்ததா? சரிபார்ப்பவர் மூலங்களைத் தானே தொட்டாரா? ஒப்பிடுவதற்கு முன் தன் விடையை எழுதினாரா? தொடங்கும் முன் பம்ப் திரையைப் படித்தாரா?

முதல் சுற்றில் எந்தத் தவறையும் வைக்காதீர்கள். பயிலரங்கு என்றாலே எங்கோ பொறி இருக்கிறது என்று மாணவர்கள் தேடுவார்கள். தவறைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டாக இது மாறினால், தவறில்லாத வார்டு நாட்களில் அவர்களுக்கு இந்த முறை வீண் வேலையாகத் தோன்றும். எல்லாம் சரியாக இருக்கும்போதும் முழுவதையும் செய்து முடிப்பதே இந்தச் சுற்றின் பயிற்சி.

இரண்டாம் சுற்றில் எடையையும் பையையும் மாற்றாமல், முதல் செவிலியராக நடிப்பவரிடம் ஒரு சீட்டை இரகசியமாகக் கொடுங்கள்: "ஒப்பீடு முடிந்ததும் பம்ப்பில் 108 என்று உள்ளிடுங்கள்." தசமப் புள்ளி பதியாமல் போவது உண்மையில் நடக்கக்கூடியது. தாள்கள் இரண்டும் ஒத்துப்போன நிம்மதியில் சரிபார்ப்பவர் திரும்பிப் போய்விட்டால், பத்து மடங்கு வேகத்தில் பை இரண்டரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். இதே சுற்றில் பயிற்றுநர் ஒருவர் மூத்த செவிலியராக வந்து, "கணக்குதான் ஒத்துப்போய்விட்டதே, கையெழுத்துப் போடுங்கள், அங்கே இன்னொரு நோயாளி காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்தட்டும். மரியாதை குறையாமல் நிலையாக நிற்கும் பதிலை மாணவர்கள் தம் சொற்களில் உருவாக்க வேண்டும். "சிஸ்டர், பம்ப்பை மட்டும் இன்னும் நான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்" என்பது போல் எது செய்யப்படவில்லை என்பதைப் பெயர் சொல்லிக் கூறும் பதில் எடுபடும். "கொஞ்சம் பொறுங்கள்" என்பது எடுபடாது.

மூன்றாம் சுற்று கடினமானது. கணக்கு, பை, பம்ப் எல்லாம் சரி. ஆனால் மருந்து வழங்கல் பதிவேட்டின் முந்தைய பக்கத்தில், இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் சிகிச்சை அளவில் எனாக்ஸாபாரின் தோலடி ஊசி போடப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அதுவும் இரத்தம் உறைவதைத் தடுப்பதே. அதன் விளைவு நீடிக்கும்போது ஹெபாரினையும் தொடங்கினால் இரத்தப்போக்கு ஆபத்து கூடும். இரண்டு தாள்களிலும் 10.8 என்று அழகாக ஒத்துப்போகும். ஆனாலும் மருந்தைத் தொடங்கக் கூடாது. மருத்துவரை அழைத்து, கடைசி ஊசியின் நேரத்தைச் சொல்லி, எப்போது தொடங்கலாம் என்று கேட்பதே சரியான முடிவு. பெரும்பாலான குழுக்கள் கணக்கில் செலுத்திய கவனத்தில் இதைத் தவறவிடும். எந்தக் குழுவாவது பிடித்தால், பதிவேட்டின் எந்தப் பக்கத்தை யார் எப்போது திருப்பினார் என்பதை நோக்குநர் சொல்லட்டும்.

ஐந்தாம் படி: கலந்துரையாடல் (25 நிமிடங்கள்)

நோக்குநர்களின் தாள்களிலிருந்து தொடங்குங்கள், பயிற்றுநரின் தீர்ப்பிலிருந்து அல்ல. ஆறு குழுக்களிலும் "விடை கசிந்ததா" என்ற கேள்விக்கு வந்த பதில்களைச் சேர்த்துப் பார்த்தால், வாய்ச்சொல்லைத் தவிர வேறு கசிவுகளும் வெளிவரும்: கவிழ்க்க மறந்த தாள், முன்கூட்டியே எண் ஏற்றப்பட்ட பம்ப், கணிப்பானின் திரையில் மீந்திருந்த 10.8. கடைசியாகச் சொன்னதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சரிபார்ப்பவர் கணிப்பானை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

பிறகு, மருந்து தொடங்கிய பின் என்ன என்று கேளுங்கள். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி பரிசோதனையை வழக்கமாக ஆறு மணி நேரத்தில் எடுத்து, அதன்படி வேகத்தை மாற்றுவார்கள். அப்படி வேகத்தை மாற்றுவதும் புதிய கணக்கு, புதிய உள்ளீடு. எனவே புதிய சரிபார்ப்பு. பணிமாற்றத்தின்போது அடுத்த செவிலியர் பம்ப்பின் எண்ணை உத்தரவோடு ஒப்பிடுவதையும் இதோடு சேர்த்துப் பேசலாம்.

வார்டில் மாணவர்கள் அதிகாரபூர்வமான இரண்டாவது சரிபார்ப்பவராக இருக்கலாமா என்பது அந்தந்த மருத்துவமனையின் விதியைப் பொறுத்தது. பல இடங்களில் பதிவுபெற்ற செவிலியர் மட்டுமே அதற்குக் கையெழுத்திட முடியும். பயிற்சி பெற்றுவிட்டோம் என்ற நம்பிக்கையில் மாணவர் அந்த இடத்தை நிரப்பிவிடக் கூடாது. இரண்டு செவிலியர்கள் செய்யும்போது மூன்றாவதாகத் தன் தாளில் தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பதற்கு விதி தடையாக இருக்காது.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு: மதிப்பீடு

அதே ஹெபாரினைக் கொண்டு மதிப்பிட்டால் விடை மனப்பாடமாக வரும். இன்சுலின் இன்ஃப்யூஷனுக்கு மாற்றுங்கள். எடை 70 கிலோ, கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட், பை 100 மில்லிலிட்டரில் 100 யூனிட். அப்படியானால் மணிக்கு 7 யூனிட், அதாவது 7 மில்லிலிட்டர். கையால் எழுதிய உத்தரவில் 7க்குப் பக்கத்தில் ஆங்கில "யு" எழுத்தை நெருக்கமாக எழுதி, 70 என்று படிக்கும்படி வையுங்கள். யூனிட் என்பதை முழுச் சொல்லாகவே எழுத வேண்டும் என்ற விதி இந்தக் குழப்பத்தால்தான் வந்தது. எடையிலிருந்து தானே கணக்கிடும் மாணவருக்கு 7 கிடைக்கும். உத்தரவைப் படித்து அப்படியே உள்ளிடுபவருக்கு 70 கிடைக்கும். எழுத்து தெளிவாக இல்லாத உத்தரவை ஊகித்துத் திருத்தாமல், எழுதியவரையே கேட்டுத் திரும்ப எழுதவைப்பவர்தான் இந்த நேர்வை முடித்தவர்.

மதிப்பெண் தாளில் விடைக்குத் தனி மதிப்பெண் வேண்டாம். நோக்குநரின் அதே நான்கு கேள்விகளையே பயன்படுத்துங்கள். சரியான விடை எழுதியும், எழுதுவதற்கு முன் முதலாமவரின் தாளைப் பார்த்துவிட்ட மாணவர் தேறவில்லை. அவருக்கு அதே வாரத்தில் வேறொரு நேர்வோடு மறுவாய்ப்புக் கொடுங்கள். விடை தவறியும், வேறுபாட்டைக் கண்டு நிறுத்தி, இருவரும் மூலத்துக்குத் திரும்பிச் சரிசெய்தால் அந்தச் சோடி தேறிவிட்டது.